வட்டி எந்தப் பணத்துக்கு?

அண்ணன் தம்பி இருவர் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை அண்ணன் எடுத்துக்கொள்கிறார். தம்பியின் பங்குக்கு இரண்டு வருடம் கழித்து 1,10,000 ரூபாய் தருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறார். இடைப்பட்ட காலத்துக்கு வட்டி கிடையாது. எழுதிய மை காய்வதற்குள் தம்பிக்குப் பணமுடை. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். இப்போதே கொடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார். அண்ணன் கையில் பணம் இருக்கிறது, கொடுக்கவும் சம்மதம். ஆனால் இரண்டு வருடம் கழித்துத் தர வேண்டியதை இன்றைக்கே தருவதால் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நியாயம்தானே? அதில் தம்பிக்கும் மறுப்பில்லை. வருடத்துக்கு 5 சதவீதம், தனிவட்டி என்று பேசி முடிக்கிறார்கள்.

அண்ணன் கணக்குப் போடுகிறார். 1,10,000 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் வருடம் 5,500. இரண்டு வருடத்துக்கு 11,000. அதைக் கழித்து 99,000 ரூபாயை எண்ணி வைக்கிறார்.

தம்பி பணத்தைத் தொடவில்லை. "அண்ணே, இந்த 99,000ஐ நான் யாருகிட்டயாவது இதே 5 சதவீதத்துக்குக் கொடுத்து வச்சா, ரெண்டு வருசத்துல வட்டி 9,900தானே வரும்? மொத்தம் 1,08,900 ஆகுது. பத்திரத்துல 1,10,000ன்னுல்ல எழுதியிருக்கு? மீதி 1,100 எங்கே போச்சு?"

இந்தப் பாடத்தின் சாரம் தம்பியின் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அண்ணன் ஏமாற்றவில்லை. வட்டி வீதத்தையும் காலத்தையும் சரியாகத்தான் பிடித்தார். பிசகியது ஒரே இடத்தில்: வட்டியை எந்தப் பணத்துக்குப் போட்டார் என்பதில். அவர் இன்று கொடுப்பது 1,10,000 அல்ல, அதைவிடக் குறைந்த ஒரு தொகை. அப்படியிருக்க, வட்டியை மட்டும் முழு 1,10,000க்கும் பிடித்துக்கொண்டார். இன்று கைமாறாத பணத்துக்கும் சேர்த்து வட்டி பிடித்தாயிற்று.

சரியான தொகையைக் கண்டுபிடிக்கக் கழிக்கத் தேவையில்லை, பின்னோக்கி யோசித்தால் போதும். இன்று எந்தத் தொகையைக் கொடுத்தால் அது 5 சதவீதத்தில் இரண்டு வருடத்தில் 1,10,000 ஆக வளரும்? 100 ரூபாய் இரண்டு வருடத்தில் 110 ஆகிறது. ஆகவே 110க்கு 100 என்றால் 1,10,000க்கு 1,00,000. இந்த ஒரு லட்சம்தான் இன்றைய மதிப்பு. பள்ளிப் பாடநூல்களில் தற்போதைய மதிப்பு என்று இருக்கும். வரவேண்டிய தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 10,000, அதுதான் உண்மைத் தள்ளுபடி. அண்ணன் கழித்த 11,000க்குப் பெயர் வங்கியர் தள்ளுபடி. வரவேண்டிய தொகையை S என்றும், வருட வட்டி வீதத்தை r என்றும், வருடங்களை t என்றும் எழுதினால் இன்றைய மதிப்பு இது:

```
P = S / (1 + r × t)
```

அண்ணனின் 11,000க்கும் சரியான 10,000க்கும் இடையே இருக்கும் 1,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? அது அந்த 10,000 ரூபாய்க்கு இரண்டு வருட வட்டி. எந்தக் கணக்கை எடுத்தாலும் இப்படித்தான் வரும்: வங்கியர் தள்ளுபடி உண்மைத் தள்ளுபடியைவிடக் கூடுதலாக இருக்கும், அந்தக் கூடுதல் உண்மைத் தள்ளுபடியின் மேல் அதே காலத்துக்கான வட்டிக்குச் சமமாக இருக்கும். பாடநூல்கள் இதை வங்கியரின் ஆதாயம் என்று சொல்லிச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைக்கின்றன. காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் சூத்திரம் தானாக நினைவில் நிற்கும். தள்ளுபடி என்பது அண்ணனுக்கு இரண்டு வருடம் கழித்துச் சேர வேண்டிய வட்டி. அதை இன்றே பிடித்துக்கொண்டால், முன்கூட்டி எடுத்த அந்தப் பணத்துக்கு அவர் வட்டி தர வேண்டும். அவர் தரவில்லை. தராத அந்த வட்டிதான் 1,000 ரூபாய்.

நம் ஊர்களில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் வேறு வடிவத்தில் பழக்கம்தான். பத்தாயிரம் கடன் கேட்டால், வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வருடம் 10 சதவீதம், ஒரு வருடத் தவணை என்றால் கைக்கு வருவது 9,000. திருப்பித் தர வேண்டியது 10,000. வாங்கியவர் பயன்படுத்தியது 9,000 ரூபாயை மட்டும்தான், அதற்குக் கொடுத்தது 1,000. அதாவது வட்டி 11 சதவீதத்துக்கும் மேல். அதே வீதத்தில் ஐந்து வருடத்துக்கு முன்வட்டி பிடித்தால் கைக்கு வருவது 5,000, திருப்பித் தருவது 10,000. பேச்சில் 10 சதவீதம், உண்மையில் 20 சதவீதம். பத்து வருடம் என்றால் கைக்கு ஒன்றும் வராது, கடன் மட்டும் மிஞ்சும். அப்படி யாரும் கடன் வாங்குவதில்லை என்பதால் இந்த முறையின் கோளாறு வெளியே தெரியாமலேயே இருக்கிறது.

வங்கிகள் ஏன் அந்த முறையைப் பிடித்துக்கொண்டன என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. வணிக உண்டியல்கள் பெரும்பாலும் சில மாதக் கணக்கு. 1,00,000 ரூபாய் உண்டியல், மூன்று மாதம், வருடம் 9 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் வங்கியர் தள்ளுபடி 2,250 ரூபாய். உண்மைத் தள்ளுபடி சுமார் 2,200. ஐம்பது ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. வகுத்துப் பார்ப்பதைவிடப் பெருக்கிக் கழிப்பது எளிது. அதனால் அந்த வழக்கம் நிலைத்தது. காலம் குறுகியதாக இருக்கும்வரை அது பெரிய அநியாயம் இல்லை. காலம் வருடக்கணக்கில் நீளும்போதுதான் அந்த வழக்கத்தை அப்படியே விட்டுவிட முடியாது.

அப்படி நீண்டபோது நடந்த வழக்காடல் ஒன்று ஐரோப்பியச் சட்ட வரலாற்றில் இருக்கிறது. அதன் மையத்தில் நிற்பவர் லைப்னிட்ஸ். நுண்கணிதத்தைக் கண்டவர்களில் ஒருவராக அவரை உலகம் அறியும். அவர் படித்தது சட்டம். 1683இல் 'ஆக்டா எருடிட்டோரம்' என்ற லைப்சிக் இதழில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இந்த அண்ணன் தம்பி கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. பின்னாளில் தர வேண்டிய பணத்தை முன்னாலேயே தந்தால் எவ்வளவு குறைக்கலாம் என்பதே கேள்வி. இந்தக் குறைப்புக்கு ரோமானியச் சட்ட மரபில் தனிப் பெயரே உண்டு. தமிழில் இடைவட்டி என்று சொல்லலாம்: இன்றைக்கும் தவணை நாளுக்கும் இடையில் இருக்கும் வட்டி.

சாக்ஸனி நாட்டில் அப்போது சட்டத்துறையில் கார்ப்ட்சோவ் என்பவரின் பேச்சுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. அவர் பெயரால் வழங்கும் முறை நம் அண்ணனின் முறையேதான்: வரவேண்டிய முழுத்தொகைக்கும் வட்டி போட்டுக் கழித்துவிடு. வீதம் 5 சதவீதம் என்று வைத்தால் இதன் விளைவு இப்படி ஆகிறது. 10 வருடம் கழித்து வரவேண்டிய 100 வெள்ளிக்கு இன்று 50. 20 வருடம் கழித்து வரவேண்டிய 100 வெள்ளிக்கு இன்று ஒன்றுமே இல்லை. 21 வருடம் என்றால், கடன் கொடுத்தவரே கடன்பட்டவருக்கு 5 வெள்ளி தர வேண்டும்! ஒருவருக்கு உறுதியாக வரப்போகும் பணம் இன்றைக்கு எந்த மதிப்பும் இல்லாதது என்று ஒரு கணக்கு சொன்னால், கணக்கில்தான் கோளாறு.

லைப்னிட்ஸ் இதை அவிழ்த்த விதம் அழகானது. ஒரு வருடம் கழித்துத் தர வேண்டிய 100 வெள்ளியை ஒருவர் இன்றே தருகிறார். அவர் ஒரு வருடம் முந்தித் தந்ததால் வருட முடிவில் அவருக்கு 5 வெள்ளி வட்டி சேர வேண்டும். ஆனால் அந்த 5 வெள்ளியையும் அவர் இன்றே கழித்துக்கொள்கிறார். அதாவது பணம் பெறுபவர், வருட முடிவில் தர வேண்டிய 5 வெள்ளியை இன்றே தந்துவிடுகிறார். முந்தித் தந்தால் வட்டி உண்டு என்ற விதி இவருக்கும் பொருந்தும். ஆகவே 5 வெள்ளிக்கு ஒரு வருட வட்டியான கால் வெள்ளியை இவருக்குத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கால் வெள்ளியும் முன்கூட்டித் தரப்படுவதால் அதற்கும் ஒரு சிறு கழிவு. இப்படியே போகிறது: 100ல் 5 குறை, 0.25 கூட்டு, 0.0125 குறை, இன்னும் சின்னதாக ஒன்றைக் கூட்டு. இந்த முடிவில்லாத கூட்டலும் கழித்தலும் கடைசியில் ஓர் எண்ணில் வந்து நிற்கின்றன: 95.238. அது 100ஐ 1.05ஆல் வகுத்தால் கிடைக்கும் எண். ஒரு வருடக் கணக்கில் அதுவே உண்மைத் தள்ளுபடி கழித்த இன்றைய மதிப்பு.

கார்ப்ட்சோவ் முறை இந்தத் தொடரின் முதல் படியோடு நின்றுவிடுகிறது. 5ஐக் கழித்தது, 0.25ஐக் கூட்ட மறந்தது. அண்ணனின் 1,000 ரூபாயும் அப்படி மறந்துபோனதுதான்.

ஒரு வருடம்வரை எல்லாம் தெளிவு. இரண்டாவது வருடத்தில்தான் சட்டத்துக்கும் கணிதத்துக்கும் சண்டை மூண்டது. இரண்டு வருடம் கழித்து வரவேண்டிய 100 வெள்ளி, ஒரு வருடம் கழித்து 95.238 மதிப்புப் பெறும். அந்த 95.238ஐ இன்னொரு வருடம் பின்னுக்குக் கொண்டுவந்தால் 90.703. இது லைப்னிட்ஸின் விடை. நாம் அண்ணன் தம்பிக்குச் சொன்ன தனிவட்டி வழியில் போனால் 100ஐ 1.10ஆல் வகுக்க வேண்டும், 90.909 வருகிறது. லைப்னிட்ஸின் கணக்கில் கூட்டுவட்டி நுழைந்துவிட்டது. வட்டிக்கு வட்டி வாங்குவதையோ ரோமானியச் சட்டம் தடை செய்திருந்தது. அந்தத் தடை, தவணை தவறிய கடன்காரர் தலையில் வட்டியையும் முதலாக ஏற்றக் கூடாது என்பதற்காக. கைக்கு வந்துவிட்ட வட்டியை எடுத்து இன்னொருவருக்குப் புதுக்கடனாகக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முன்கூட்டிப் பணம் பெற்றவர் செய்யக்கூடியதும் அதைத்தான். ஆனாலும் சட்ட அறிஞர்களுக்குத் தயக்கம் போகவில்லை.

அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுத்த மூன்றாவது வழிக்கு ஹாஃப்மன் முறை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவரின் பெயர் அது. அந்த முறையும் நம் பாடநூலின் உண்மைத் தள்ளுபடியும் ஒன்றே: தனிவட்டி, ஆனால் வட்டி இன்று கொடுக்கும் தொகைக்கு மட்டும். 5 சதவீதத்தில் 20 வருடம் கழித்து வரவேண்டிய 100க்கு கார்ப்ட்சோவ் பூஜ்ஜியம் என்கிறார். ஹாஃப்மன் 50 என்கிறார். லைப்னிட்ஸ் 37.69 என்கிறார். ஒரே கடன், ஒரே வட்டி வீதம், மூன்று தீர்ப்பு.

ஹாஃப்மன் முறை இன்றும் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனியின் திவால் சட்டத்தில் 41ஆம் பிரிவு, இன்னும் தவணை வராத வட்டியில்லாக் கடன்களைப் பற்றிச் சொல்கிறது. ஒரு நிறுவனம் திவாலானால் அந்தக் கடன்களும் உடனே தவணைக்கு வந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் முழுத்தொகைக்கு அல்ல. எந்தத் தொகையோடு சட்டப்படியான வட்டியைச் சேர்த்தால் முழுத்தொகை வருமோ, அந்தத் தொகைக்கு. தம்பி அண்ணனிடம் கேட்ட கேள்வி ஒரு நாட்டின் சட்ட வாசகமாகவே ஆகியிருக்கிறது. ஐந்து வருடம் கழித்து 1,00,000 யூரோ வரவேண்டியவர், சட்டப்படியான 4 சதவீதத்தில் 1,00,000ஐ 1.20ஆல் வகுத்து 83,333 யூரோவுக்கு உரிமை கோரலாம். கார்ப்ட்சோவ் முறையில் 80,000தான் கிடைத்திருக்கும். கூட்டுவட்டியில் 82,193. ஐந்து வருடத்துக்கு இந்த மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒற்றைத் தொகை, சில வருடம் என்றால் உண்மைத் தள்ளுபடி நம்பத்தகுந்த கருவி.

அதன் எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. 20 வருடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 20ஆம் வருடத்தில் வரும் 100ஐ முதலில் 10ஆம் வருடத்துக்குக் கொண்டுவந்தால் 100ஐ 1.5ஆல் வகுத்து 66.67. அதை இன்றைக்குக் கொண்டுவந்தால் மறுபடி 1.5ஆல் வகுத்து 44.44. நேராக ஒரே தாவலில் வந்தால் 50. அதே பணம், அதே வீதம், நடுவில் ஒரு முறை நின்று வந்ததற்காக ஐந்தரை ரூபாய் குறைந்துவிட்டது. கூட்டுவட்டிக் கணக்கில் எத்தனை இடத்தில் நின்று வந்தாலும் 37.69தான். தனிவட்டி உண்மைத் தள்ளுபடியில் இருக்கும் இந்த ஓட்டை, ஒற்றைத் தொகையில் பெரிதாக உறுத்தாது. வருடா வருடம் வரவேண்டிய பணத்தை மொத்தமாக இன்று கொடுக்கும்போது அது வாயைப் பிளக்கிறது.

அதற்கு ஜப்பானைத்தான் பார்க்க வேண்டும். அங்கே சாலை விபத்து வழக்குகளில், இறந்தவரோ ஊனமானவரோ இனி சம்பாதித்திருக்கக்கூடிய வருமானத்தை இழப்பீடாகக் கணக்கிடுகிறார்கள். பொதுவாக 67 வயதுவரை உழைத்திருப்பார் என்று கொள்வது வழக்கம். அத்தனை வருட வருமானத்தையும் இன்றே மொத்தமாகக் கொடுப்பதால் இடைக்கால வட்டியைக் கழிக்க வேண்டும். எப்படிக் கழிப்பது என்பதில் ஜப்பானிய நீதிமன்றங்கள் பல வருடங்கள் பிரிந்து நின்றன. தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் லைப்னிட்ஸ் முறையைப் பின்பற்றியது. ஒசாக்காவும் நகோயாவும் ஹாஃப்மன் முறையைப் பின்பற்றின. தீர்ப்புகளில் இந்தப் பெயர்களே எழுதப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டு லைப்சிக்கின் வாக்குவாதம் இருபதாம் நூற்றாண்டு ஜப்பானிய விபத்து வழக்குகளில் தொடர்ந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விபத்தில் போனவரின் வருட வருமான இழப்பு 30 லட்சம் யென், இன்னும் 36 வருடம் உழைத்திருப்பார், வீதம் 5 சதவீதம். ஹாஃப்மன் முறையில் ஒவ்வொரு வருட வருமானத்தையும் தனித்தனியாக உண்மைத் தள்ளுபடி செய்து கூட்ட வேண்டும். முதல் வருட யென்னுக்கு 1ஐ 1.05ஆல் வகுத்து 0.952. இரண்டாம் வருடத்துக்கு 1.10ஆல் வகுத்து 0.909. இப்படியே 36ஆம் வருடம்வரை போனால், அந்தக் கடைசி வருட யென்னுக்கு 0.357. எல்லாவற்றையும் கூட்டினால் 20.2745. வழக்கறிஞர்கள் இதை அட்டவணையில் பார்த்து எடுப்பார்கள். 30 லட்சத்தோடு பெருக்கினால் 6,08,23,500 யென்.

இந்தத் தொகையை அதே 5 சதவீதத்தில் போட்டு வைத்தால் வருட வட்டி எவ்வளவு? 30,41,175 யென். இழந்த வருமானமோ 30 லட்சம். வட்டியே வருமானத்தைவிடக் கூடுதலாக வருகிறது! முதலைத் தொடவே வேண்டாம். 36 வருடம் கழித்தும், ஏன், எத்தனை தலைமுறை கழித்தும் அந்த ஆறு கோடி அப்படியே இருக்கும். இழந்ததை ஈடுகட்டத்தான் இழப்பீடு. ஈடுகட்டிய பிறகும் முழு முதல் மிஞ்சுகிறது என்றால் கழிவு போதவில்லை என்று பொருள். 35 வருடம்வரை கூட்டுத்தொகை 19.917, அதாவது 20க்குக் கீழே. 36இல் அது 20ஐத் தாண்டுகிறது. 5 சதவீதத்துக்கு 20 ஏன் எல்லைக்கோடு என்றால், 20 மடங்கு பணத்தின் 5 சதவீதம் சரியாக ஒரு மடங்கு. லைப்னிட்ஸ் கணக்கில் வருடங்களை எவ்வளவு நீட்டினாலும் கூட்டுத்தொகை 20ஐ நெருங்குமே தவிரத் தொடாது. ஹாஃப்மன் கணக்கில் அதற்கு உச்சவரம்பே இல்லை, கூட்டக் கூட்ட வளர்ந்துகொண்டே போகும்.

அதே 36 வருடத்துக்கு லைப்னிட்ஸ் எண் 16.547. இழப்பீடு சுமார் 4 கோடியே 96 லட்சம் யென். இதை 5 சதவீதத்தில் போட்டால் முதல் வருட வட்டி சுமார் 24 லட்சத்து 82 ஆயிரம். பற்றாக்குறையை முதலிலிருந்து எடுக்க வேண்டும். வருடா வருடம் முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, 36ஆம் வருடக் கடைசியில் சரியாகத் தீர்ந்துபோகும். கணக்கு நேர்மையாக முடிகிறது.

அப்படியென்றால் ஒசாக்கா நீதிபதிகள் கணக்குத் தெரியாதவர்களா? இல்லை. சிறுவர்கள் இறந்த வழக்குகளில் தோக்கியோ எல்லா வயதினரின் சராசரிச் சம்பளத்தை அடிப்படையாக எடுத்து லைப்னிட்ஸ் எண்ணால் பெருக்கியது. ஒசாக்காவோ பள்ளி முடித்து வேலைக்குச் சேரும் வயதினரின் குறைந்த தொடக்கச் சம்பளத்தை எடுத்து, பெரிய ஹாஃப்மன் எண்ணால் பெருக்கியது. அடிப்படைச் சம்பளத்தில் விட்டதைப் பெருக்கும் எண்ணில் ஓரளவு பிடித்தது. ஆனாலும் ஒரே நாட்டில் ஒரு குழந்தையின் இழப்பீடு விபத்து நடந்த ஊரைப் பொறுத்து மாறுவது பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும்? 1999 நவம்பரில் தோக்கியோ, ஒசாக்கா, நகோயா நீதிமன்றங்களின் போக்குவரத்து வழக்கு நீதிபதிகள் கூட்டாக ஒரு பரிந்துரையை வெளியிட்டார்கள். இளையவர்களுக்கு எல்லா வயதினரின் சராசரிச் சம்பளம், கழிவுக்கு லைப்னிட்ஸ் முறை. 2000 ஜனவரி முதல் அந்த வழி நடைமுறைக்கு வந்தது.

முறை தீர்ந்தது. வீதம் தீரவில்லை. லைப்னிட்ஸ் கணக்கு நேர்மையாக முடிகிறது என்று மேலே சொன்னது, பணத்தை உண்மையிலேயே 5 சதவீதத்தில் போட முடியும் என்ற நம்பிக்கையில்தான். ஜப்பானில் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வங்கி வட்டி பூஜ்ஜியத்தை ஒட்டியே கிடந்தது. மேலே சொன்ன குடும்பம் தன் 4 கோடியே 96 லட்சத்தை வட்டியே இல்லாமல் வைத்து வருடம் 30 லட்சம் செலவழித்தால் பதினாறரை வருடத்தில் கை காலி. மிச்சம் பத்தொன்பதரை வருடத்துக்கு என்ன செய்வது? சப்போரோ உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைக் கவனித்து 3 சதவீதத்தில் கழித்தது. 2005 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடிமைச் சட்டத்தில் எழுதியிருக்கும் 5 சதவீதத்தையே எல்லா நீதிமன்றமும் பின்பற்ற வேண்டும் என்றது. வழக்குக்கு வழக்கு வீதம் மாறினால் சமமாக நடத்துவது போய்விடும் என்பது அதன் காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எவரும் பெற முடியாத வட்டியைப் பெறுவதாகச் சொல்லிப் பாதிக்கப்பட்டவரின் பணத்தைக் கழிப்பது அதைவிடப் பெரிய அநியாயமாகவே தோன்றுகிறது. தள்ளுபடியின் பெயரில் இருக்கும் 'உண்மை' என்ற சொல் பொருந்த வேண்டுமானால், அந்தப் பணம் உண்மையில் அப்படி வளர வேண்டும்.

இந்தியாவிலும் மோட்டார் விபத்து இழப்பீட்டில் இதே கேள்வி உண்டு. ஆனால் இங்கே வட்டிக் கணக்கு வெளியே தெரிவதில்லை. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஓர் எண் என்று அட்டவணை வகுத்தது. வழக்கறிஞர்கள் அதை மல்டிப்ளையர் என்பார்கள். 15 முதல் 25 வயதுவரை 18, 31 முதல் 35வரை 16, 46 முதல் 50வரை 13, 65க்கு மேல் 5. குடும்பத்துக்கு வருடத்தில் இழப்பான தொகையை இந்த எண்ணால் பெருக்குகிறார்கள். 25 வயதில் இறந்தவர் இன்னும் 18 வருடம் மட்டுமே உழைத்திருப்பார் என்று அதற்குப் பொருள் அல்ல. பல வருடத்துப் பணத்தை இன்றே மொத்தமாகக் கொடுப்பதற்கான கழிவும், வாழ்க்கையின் நிச்சயமின்மைக்கான கழிவும் அந்த எண்ணுக்குள்ளேயே கரைந்திருக்கின்றன. தீர்ப்பாயத்தின் முன் நிற்கும் குடும்பத்துக்கு, எத்தனை சதவீதம் கழித்தார்கள் என்று கேட்க அங்கே இடமில்லை.

ஜப்பானில் அந்தச் சதவீதம் சட்டத்திலேயே எழுதியிருந்ததால் அதைச் சட்டத்தின் வழியாகவே மாற்ற முடிந்தது. 2017இல் குடிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் சட்டப்படியான வீதம் 3 சதவீதம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. 2023இலும் அது 3ஆகவே தொடர்ந்தது. எந்த வீதம் என்பதை விபத்து நடந்த நாள் தீர்மானிக்கும்.

18 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். 67 வயதுவரை 49 வருடம், இழப்பு வருடத்துக்கு அதே 30 லட்சம் யென். 5 சதவீதத்தில் லைப்னிட்ஸ் எண் 18.169. 3 சதவீதத்தில் 25.502. ஒசாக்கா பழைய காலத்தில் பயன்படுத்திய 5 சதவீத ஹாஃப்மன் எண்கூட 24.416தான், புது எண் அதையும் தாண்டிவிட்டது. விபத்து 2020 மார்ச் 31 இரவு பதினொன்றரை மணிக்கு நடந்திருந்தால் அவன் குடும்பத்தின் கணக்கு 5,45,07,000 யென்னிலிருந்து தொடங்கும். ஒரு மணி நேரம் கழித்து நடந்திருந்தால் 7,65,06,000 யென்னிலிருந்து.